மகப்பேறு, தந்தைமை விடுப்புக் கொள்கையை நான்கு தலைப்புகளில் சுருக்குதல்

மகப்பேறு விடுப்புக் கொள்கை என்பது, ஒரு நிறுவனம் தன்னிடம் பணிபுரியும் கருவுற்ற பெண்களுக்கு எவ்வளவு விடுப்பு, எவ்வளவு ஊதியம், என்னென்ன வசதிகள் தரும் என்பதைக் கூறும் ஆவணம் ஆகும். தந்தையாகப் போகும் ஆண்களுக்கான விடுப்பும் பெரும்பாலும் இதே ஆவணத்தில் இடம்பெறும். இது சட்ட மொழியில் பல பக்கங்கள் நீளும். குழந்தையை எதிர்நோக்கும் ஊழியருக்கு வேண்டியதோ நான்கு கேள்விகளுக்கான விடைகள்தாம். எனக்குத் தகுதி உண்டா? எத்தனை நாள்? எவ்வளவு பணம், யார் தருவார்? எப்போது, எப்படித் திரும்ப வேண்டும்?

இந்த நான்கில் பிழை அதிகம் நேர்வது ‘யார் தருவார்’ என்ற இடத்தில்தான். ஒரே கட்டடத்தில், ஒரே மாதத்தில் குழந்தை பெறும் இரு பெண்களுக்குப் பணம் வரும் வழி வேறுவேறாக இருக்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கொள்கையைச் சுருக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே கடற்கரை, பல விதிகள்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் கடற்கரையோரமாகக் கோவளத்திலிருந்து தெற்கே சென்றால் சிறிது தொலைவுக்குள்ளாகவே வெவ்வேறு விடுப்பு விதிகளின் கீழ் வரும் பெண்களைக் காணலாம்.

கல்பாக்கம் அணுமின் வளாகத்தில் பணிபுரியும் நடுவண் அரசு ஊழியருக்கு நடுவண் அரசின் விடுப்பு விதிகள் பொருந்தும். இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ள பெண்ணுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், அதே நிலையில் உள்ள ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பும் அவ்விதிகளில் உண்டு. மாமல்லபுரத்தில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியைக்குத் தமிழ்நாடு அரசின் விதிகள் பொருந்தும். 2021 ஜூலை 1 முதல் மாநில அரசு ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் தங்கும் விடுதிகளிலும், சிறுசேரி மென்பொருள் பூங்காவிலும், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோர் தனியார் ஊழியர்கள். இவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் நெடுங்காலம் பொருந்தி வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்தைப் பிடித்தது. பழைய சட்டத்தின் முக்கியக் கூறுகள் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கும், பத்து பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் கடைகள், நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

மீன் விற்கும் பெண்களும் கூலிக்குச் செல்லும் பெண்களும் இந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால் விடுப்பு ஊதியமும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். இது ஏழைத் தாய்மார்களுக்கான அரசு உதவியே தவிர, ஊதியத்துக்கு ஈடானது அல்ல. ஆகவே அது நிறுவனக் கொள்கையின் சுருக்கத்தில் ஊதியத் தலைப்பின் கீழ் வரக் கூடாது.

இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி தனியார் ஊழியர்களைப் பற்றியது. மாமல்லபுரத்தில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கடற்கரை விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு இரு பெண்களுக்கும் 2026 அக்டோபர் 13 அன்று பிரசவம் ஆகும் என மருத்துவர் நாள் குறித்துள்ளார். முதலாமவர் விடுதியின் அடுமனையில் ரொட்டி, கேக் செய்பவர். 2025 டிசம்பரில் சேர்ந்தார். நாளொன்றுக்கு 900 ரூபாய் கூலி. மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை செய்வதால் அவருடைய மாத வருமானம் எப்போதும் 21,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இரண்டாமவர் அறைகளைத் தூய்மை செய்யும் பிரிவில் 2026 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவர். நாள் கூலி 600 ரூபாய்.

1. தகுதி

தகுதித் தலைப்பில் முதலில் எழுத வேண்டியது 80 நாள் விதி. எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஊதியத்துடன் கூடிய விடுமுறை நாள்களும், வேலை தர இயலாமல் நிறுவனமே நிறுத்திவைத்த நாள்களும் இந்த 80இல் சேரும். ‘ஓராண்டு பணி முடித்திருக்க வேண்டும்’, ‘பணி நிரந்தரம் ஆகியிருக்க வேண்டும்’ என்று கொள்கையில் எழுதியிருந்தால், அது சட்டம் தரும் அளவைவிடக் குறைவானது. அப்படி எழுதியிருந்தாலும் 80 நாள் முடித்தவரின் உரிமை போய்விடாது.

நாள் கூலிக்காரர், தற்காலிகப் பணியாளர் என்பதும் தடை அல்ல. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சுற்றுலாப் பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் விடுதிகளுக்கு இன்னொரு தீர்ப்பும் முக்கியமானது. ஒப்பந்தக் காலம் விடுப்பின் நடுவே முடிந்துபோனாலும் மகப்பேறு பலன் முழுமையாகத் தரப்பட வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. தகுதி ஒருமுறை அமைந்துவிட்டால், ஒப்பந்தத்தின் கடைசி நாள் அதை வெட்டிவிடாது.

அடுத்தது ஊழியர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இக்காப்பீட்டின் கீழ் வருவர். ஊழியரிடமிருந்து 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பங்களிப்பாகச் செல்கின்றன. இவர்களுக்கு மகப்பேறுப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தரும். ஆனால் அங்கே தகுதி அளவு 80 நாள் அன்று. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும்.

பார்வைக்கு 70 நாள் எளிதாகத் தோன்றும். சிக்கல் ‘முந்தைய’ என்ற சொல்லில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. கணக்கில் பங்களிப்புக் காலமும் பலன் காலமும் ஒன்றாக ஓடுவதில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்திய பங்களிப்பு, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் தரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும். 2026 அக்டோபரில் நிகழும் பிரசவத்துக்கு 2026 மார்ச் வரையிலான பங்களிப்புகளே பார்க்கப்படும்.

தூய்மைப் பிரிவுப் பெண் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார். ஏப்ரலில் சேர்ந்த அவர் ஆகஸ்டு முடிவதற்குள் நூறு நாளுக்கு மேல் வேலை செய்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் அவரிடமிருந்து இ.எஸ்.ஐ. பிடித்தமும் ஆகிறது. ஆயினும் மார்ச்சுக்கு முன் பங்களிப்பே இல்லாததால் கழகத்தின் தகுதி அளவை அவர் எட்டவில்லை. ‘இ.எஸ்.ஐ. ஊழியர்கள் கழகத்தை அணுகவும்’ என்ற ஒரே வரியோடு சுருக்கம் முடிந்தால், அவர் கிளை அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையுடன் திரும்புவார்.

இந்த இடைவெளிக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1961 சட்டத்தின் 5-ஏ பிரிவு, இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனமாக இருந்தாலும், ஒரு பெண் இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு பலன் கோரும் தகுதி பெறும் வரை முதலாளியிடமிருந்து பலன் பெறும் உரிமை தொடரும் என்றது. இதே ஏற்பாடு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆகவே 80 நாளைக் கடந்துவிட்ட தூய்மைப் பிரிவுப் பெண்ணுக்கு விடுதியே பணம் தர வேண்டும். கொள்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வரி இதுதான். சுருக்கத்தில் தவறாமல் சேர்க்க வேண்டிய வரியும் இதுவே.

2. விடுப்புக் காலம்

உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம். இதில் எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க இயலாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் 12 வாரம். முன்னதாக எடுக்கக்கூடியது ஆறு வாரம். மூன்றாம் குழந்தைக்கு விடுப்பே இல்லை என்று சொல்லும் கொள்கை சட்டத்துக்கு மாறானது. சட்டம் காலத்தைக் குறைக்கிறதே ஒழிய உரிமையை நீக்கவில்லை.

அரசுப் பணியிலும் இந்தக் குழந்தைக் கணக்கு வழக்கு வரை சென்றிருக்கிறது. முதல் மணத்தில் பிறந்த இரு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் வளரும் நிலையில், மறுமணத்துக்குப் பின் கருவுற்ற ஒரு தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மாநில விதியைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கியது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு பிணைந்தது என்றும் அது கூறியது.

விடுப்பு தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது பெண்ணின் கையில் இருக்கிறது. அடுமனைப் பெண்ணின் பிரசவ நாள் அக்டோபர் 13. எட்டு வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்டு 18 வரும். அதற்கு முன் தொடங்க இயலாது. அவர் ஆறு வாரம் முன்னதாக, செப்டம்பர் 1 அன்று தொடங்க முடிவு செய்கிறார். 26 வாரம் என்பது 182 நாள். அந்தக் கணக்கில் 2027 மார்ச் 1 விடுப்பின் கடைசி நாள். மார்ச் 2 பணிக்குத் திரும்பும் நாள்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு செய்தி உண்டு. குழந்தை ஐந்து நாள் தாமதமாகப் பிறந்தால் திரும்பும் நாளும் ஐந்து நாள் தள்ளிப்போகுமா? போகாது. 182 நாள் என்பது விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. பிரசவத்துக்கு முன் கழிந்த நாள் கூடினால், பின்னால் குழந்தையுடன் இருக்கும் நாள் குறையும். முன்னதாக எட்டு வாரம் எடுப்பவருக்குப் பிறகு பதினெட்டு வாரமே மிஞ்சும். அதனால் உடல்நிலை இடம் கொடுத்தால் பிரசவத்துக்கு அருகில் தொடங்க விரும்புவோர் உண்டு. எப்படித் தொடங்கினாலும், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் அவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. பெண்ணே விரும்பி வந்தாலும் இத்தடை பொருந்தும்.

விடுப்பு தொடங்கும் முன்பும் ஒரு பாதுகாப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. சூடான அடுப்பின் முன் மணிக்கணக்கில் நிற்கும் அடுமனை வேலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். அடுமனைப் பெண்ணுக்கு ஆகஸ்டு மாதம் அந்தக் காலம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றும்படி அவர் கேட்கலாம். அதற்காகக் கூலியைக் குறைக்க இயலாது.

கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வாரமும், கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரமும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. கருவுறுதல், பிரசவம், குறைமாதக் குழந்தை ஆகியவற்றால் நோய் ஏற்பட்டால் மருத்துவச் சான்றுடன் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். இந்த ஒரு மாதம் 182 நாளுக்கு மேற்பட்டது.

3. ஊதியம்

சட்டப்படி தரவேண்டியது சராசரி நாள் ஊதியம். விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாள்களுக்கான ஊதியத்தைக் கூட்டி, அந்த நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அது இறங்கக் கூடாது.

அடுமனைப் பெண் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதங்களில் 75 நாள் வேலை செய்தார் என்க. பெற்ற கூலி 67,500 ரூபாய். சராசரி 900 ரூபாய். இனி இதை எத்தனை நாளால் பெருக்குவது? வாரத்துக்கு ஆறு நாள்தானே வேலை என்று ஞாயிறுகளைக் கழித்தால் 26 வாரத்துக்கு 156 நாள் வரும். தொகை 1,40,400 ரூபாய். ஏழு நாளும் சேர்த்தால் 182 நாள். தொகை 1,63,800 ரூபாய். இரண்டுக்கும் இடையே 23,400 ரூபாய் வேறுபாடு இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் கிடைத்தது. மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டின் பெண் தொழிலாளி ஒருவர் 1967இல் மகப்பேறு விடுப்பில் சென்றார். அன்று விடுப்புக் காலம் 12 வாரம். நிர்வாகம் ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்குப் பணம் தந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஆகவே 84 நாளுக்குத் தர வேண்டும் என்று அவர் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடினார். தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பி. ஷா எதிர் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றம் என்று அறியப்படும் அவ்வழக்கில், 1977 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வாரம் என்பது ஞாயிறும் அடங்கிய ஏழு நாள் என்றும், ஊதியமில்லா விடுமுறைகளையும் சேர்த்தே மகப்பேறு பலனைக் கணக்கிட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்தாண்டு நடந்த வழக்கு, நாள் கூலிப் பெண்களின் கணக்கை இன்றும் தீர்மானிக்கிறது.

ஆகவே அடுமனைப் பெண்ணுக்கு உரிய தொகை 1,63,800 ரூபாய். இது இரண்டு தவணையாக வர வேண்டும். கருவுற்றதற்கான சான்றைக் கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்பணமாகத் தர வேண்டும். 42 நாளுக்கு அது 37,800 ரூபாய். குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் எஞ்சிய 140 நாளுக்கான 1,26,000 ரூபாயைத் தர வேண்டும். நிறுவனம் இலவசமாக மருத்துவக் கவனிப்பு தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ ஊக்கத்தொகையும் இதனுடன் சேரும்.

மாதச் சம்பளக்காரர்களுக்குப் பல நிறுவனங்கள் விடுப்பின் போதும் மாதந்தோறும் வழக்கம்போலச் சம்பளம் வரவு வைக்கின்றன. இம்முறை இருந்தால் சுருக்கத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வரவாவது முழுச் சம்பளமா, அடிப்படை ஊதியம் மட்டுமா? பழைய சட்டத்தில் வீட்டு வாடகைப் படியும் ஊதியத்தில் அடங்கியது. புதிய தொகுப்பில் வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்றவை ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தில் சேர்க்கப்படும். எனவே ‘முழு ஊதியத்துடன்’ என்ற சொல், சம்பளச் சீட்டின் கடைசி வரியில் உள்ள தொகையைக் குறிக்கும் என்று ஊழியர் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் படிகள் சேரும் என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுச் சுருக்கத்தில் குறிக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. தகுதி உள்ளவருக்கும் 26 வாரமும், சராசரி நாள் ஊதியம் முழுவதும் உண்டு. பணம் கழகத்திலிருந்து வங்கிக் கணக்குக்கு வரும். இதற்குக் கழகத்தின் மருத்துவ அலுவலரிடம் சான்று பெற்று உரிமைக் கோரிக்கை தர வேண்டும். இரு வழியிலும் ஒரு நிபந்தனை பொதுவானது. விடுப்பின் போது வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான பலன் போய்விடும்.

4. பணிக்குத் திரும்புதல்

திரும்பும் வழி உண்மையில் விடுப்புக்கு முன்பே தொடங்குகிறது. எந்த நாள் முதல் வரமாட்டார், பணத்தை யாரிடம் தர வேண்டும் என்பதைக் குறித்து ஊழியர் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதன் நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்கிக்கொள்வது பின்னால் எழும் பூசல்களைத் தவிர்க்கும். முன்கூட்டியே தர இயலாமல் போனால் பிரசவத்துக்குப் பிறகும் தரலாம். அறிவிப்பு தரவில்லை என்பதற்காகப் பலனை மறுக்க இயலாது.

மார்ச் 2 அன்று அடுமனைப் பெண் திரும்பும்போது குழந்தைக்கு நான்கரை மாதம்தான் ஆகியிருக்கும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளொன்றுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. அக்டோபர் 13 அன்று பிறந்த குழந்தைக்கு இந்த உரிமை 2028 ஜனவரி 13 வரை நீடிக்கும். இந்நாளையும் சுருக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. ஷிப்ட் பட்டியல் தயாரிப்பவருக்கு அது தேவைப்படும்.

ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை தாய் அங்கு சென்றுவரலாம். அறுபது பேர் உள்ள நமது விடுதிக்கு இது பொருந்தும். எண்ணிக்கையில் பெண்கள் மட்டும் அல்லர், எல்லா ஊழியரும் சேருவர். சிறு விடுதிகள் தனியாகக் காப்பகம் நடத்த இயலாதபோது அருகிலுள்ள நிறுவனங்களுடன் சேர்ந்து பொதுவாக நடத்தவும் புதிய தொகுப்பு இடம் தருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி, வேலையின் தன்மை இடம் தந்தால் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்வது. சிறுசேரியின் மென்பொருள் ஊழியருக்கு அது பயன்படும். அடுமனைப் பெண்ணுக்குப் பயன்படாது. ஆகவே அவருக்கான சுருக்கத்தில் அதைப் பெரிதாக எழுதத் தேவையில்லை.

விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வதும், அவருக்குக் கேடாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டத்துக்கு மாறானவை. நடைமுறையில் வேலைநீக்கம் என்ற சொல்லோடு இது வருவதில்லை. ‘உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார், கூலி குறைந்த வேலை இருக்கிறது’ என்ற வடிவிலோ, விடுப்புக் காலத்தைப் பணிமுறிவாகக் காட்டும் பதிவாகவோ வரும். அப்படி நேர்ந்தால் ஆணை கிடைத்த 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிட வேண்டும். இந்த 60 நாள் கடந்துபோவதே பலர் உரிமையை இழக்கக் காரணமாகிறது. ஆகையால் அது சுருக்கத்தின் கடைசி வரியாகவாவது இருக்க வேண்டும்.

தந்தைமை விடுப்பு

தனியார் ஊழியரான தந்தைக்கு ஊதியத்துடன் விடுப்பு தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதில் அமைதியாக இருக்கிறது. கருவுற்ற மனைவிக்குத் துணையாக இருக்க விடுப்பு கேட்ட தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 ஆகஸ்டில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தந்தைமை விடுப்புக்கெனத் தனிச் சட்டம் தேவை என்றும் அப்போது சுட்டிக்காட்டியது.

இதனால் ஆண்களுக்கான சுருக்கத்தைச் சட்டத்தைப் பார்த்து எழுத இயலாது. நிறுவனக் கொள்கையின் வாசகமே எல்லாம். அதே நான்கு கேள்விகளை அதனிடம் கேட்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு உண்டா? எத்தனை நாள், வார விடுமுறையும் அதில் கழியுமா, இரண்டாகப் பிரித்து எடுக்கலாமா? முழுச் சம்பளம் உண்டா? குழந்தை பிறந்து எத்தனை வாரத்துக்குள் எடுக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல், தாயும் சேயும் பிறந்த வீட்டிலிருந்து திரும்பும் வரை காத்திருந்து, காலக்கெடு முடிந்த பின் விண்ணப்பிப்போர் உண்டு. கொள்கையில் எதுவும் இல்லையென்றால், ‘தந்தைமை விடுப்பு இல்லை, ஈட்டிய விடுப்பைப் பயன்படுத்தலாம்’ என்று வெளிப்படையாக எழுதுவதே முறை. இ.எஸ்.ஐ. உறுப்பினரான ஆணின் மனைவிக்குக் கழக மருத்துவமனையில் பிரசவக் கவனிப்பு உண்டு. ஆனால் அவருக்கு விடுப்பு நாள்களுக்கான பணம் இல்லை.

எழுதி முடித்த சுருக்கம்

மேற்கண்டவற்றை அடுமனைப் பெண்ணின் கையில் தரக்கூடிய வடிவில் எழுதினால் பின்வருமாறு அமையும்.

- தகுதி: 80 நாள் வேலை முடிந்துவிட்டது. ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. பொருந்தாது; பணம் தருவது விடுதி.
- காலம்: 2026 செப்டம்பர் 1 முதல் 2027 மார்ச் 1 வரை, 182 நாள். நோய் ஏற்பட்டால் சான்றுடன் மேலும் ஒரு மாதம்.
- ஊதியம்: நாளொன்றுக்கு 900 ரூபாய், ஞாயிறு உட்பட. கருவுற்ற சான்று தந்ததும் 37,800 ரூபாய். பிறப்புச் சான்று தந்த 48 மணி நேரத்துக்குள் 1,26,000 ரூபாய். இலவச மருத்துவக் கவனிப்பு இல்லையெனில் கூடுதலாக 3,500 ரூபாய்.
- திரும்புதல்: 2027 மார்ச் 2. பாலூட்டும் இடைவேளை 2028 ஜனவரி 13 வரை. காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை. குறை இருந்தால் ஆணை கிடைத்த 60 நாளுக்குள் முறையீடு.

தூய்மைப் பிரிவுப் பெண்ணின் தாளில் முதல் வரி மட்டும் வேறாக இருக்கும்: ‘இ.எஸ்.ஐ. உறுப்பினர், ஆனால் இப்பிரசவத்துக்கு இ.எஸ்.ஐ. தகுதி அமையவில்லை, 80 நாள் முடிந்ததால் பணம் தருவது விடுதி.’ அடுத்த மூன்று தலைப்புகளும் அவருடைய கூலிக்கும் நாளுக்கும் ஏற்ப நிரப்பப்படும்.

தாளின் அடியில் அது எழுதப்பட்ட நாளையும், எந்தச் சட்டத்தின்படி எழுதப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். 2025 நவம்பருக்கு முன் எழுதப்பட்ட கொள்கைகள் 1961 சட்டத்தையே சுட்டும். அவற்றிலிருந்து சுருக்குவோர், ஊதியம் என்ற சொல்லின் பொருளை மட்டுமாவது புதிய தொகுப்புடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மூன்றாம் தலைப்பை நிரப்ப வேண்டும்.